ஆவணப்படத்தில் பழைய காட்சிகளும் ஒளிப்படங்களும்: யாரிடம், எதற்கு, எப்படி அனுமதி பெறுவது

ஆவணப்படத் துறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "இந்தக் காட்சி அறுபது ஆண்டுகள் பழையது, இதற்கும் அனுமதி வேண்டுமா?" ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாத கேள்வி இது. ஒரே நாளில், ஒரே இடத்தில் எடுக்கப்பட்ட அசையும் காட்சிக்கும் அசையாப் படத்துக்கும் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் வெவ்வேறு கணக்கு வைத்திருக்கிறது. பொதுவிதிகளை அடுக்குவதைவிட ஒரு கற்பனைப் படத்தை முன்னிறுத்தி விளக்குவது எளிது. 1964 டிசம்பர் 22, 23 தேதிகளில் தனுஷ்கோடியை அழித்து, பாம்பன் ரயில் பாலத்தையும் சிதைத்த புயலைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அதைத் திரைப்பட விழாக்களிலும், ஊர் மண்டபங்களிலும், பிறகு இணையத்திலும் திரையிட எண்ணுகிறோம். கையில் ஐந்து பொருட்கள் உள்ளன: அரசு வெளியிட்ட செய்திப்படத்தில் ஒரு நிமிடம், லண்டன் செய்திப்பட நிறுவனம் ஒன்றின் காட்சி சில விநாடிகள், நாளிதழில் வந்த பாலத்தின் படம், உயிர்தப்பிய ஒருவர் வீட்டில் இருக்கும், புயலுக்கு முந்தைய கல்யாணப் படம், யார் எடுத்தார் என்றே தெரியாத ஓர் இடிபாட்டுப் படம்.

முதல் படி: ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வரி

படத்தொகுப்பின் முதல் வடிவம் உருவாகும்போதே ஓர் அட்டவணை தொடங்கப்பட வேண்டும். நம் படத்தில் அந்தத் துண்டு வரும் நேரக்குறி, அதன் நீளம், அது எங்கிருந்து கிடைத்தது, யார் எடுத்தது, முதலில் எப்போது வெளியானது, உரிமை யாரிடம், அனுமதி எந்த நிலையில் உள்ளது ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் வேண்டும். "இணையத்தில் கிடைத்தது" என்பதை மூலமாக எழுதக்கூடாது. அது வந்த வழியைத்தான் சொல்கிறதே தவிர, உரிமையாளரைச் சொல்வதில்லை. பிரிட்டிஷ் பாதே நிறுவனம் 2014இல் தன் செய்திப்படங்கள் ஏறத்தாழ 85,000ஐ யூடியூபில் ஏற்றியது. யார் வேண்டுமானாலும் அவற்றைப் பார்க்கலாம். தம் படத்தில் சேர்க்க விரும்புபவர் மட்டும் கட்டணம் கட்டி உரிமம் வாங்க வேண்டும்.

இந்த அட்டவணையை இறுதித் தொகுப்புக்குப் பிறகு தயாரிக்கலாம் என்று தள்ளிப்போடுவது வழக்கம். உரிமை கிடைக்காத ஒரு காட்சியின் மேல் முழு அத்தியாயமும் கட்டப்பட்டிருப்பது அப்போதுதான் தெரியவரும். அந்த நிலையில் உரிமையாளர் கேட்கும் விலையை மறுத்துப் பேசும் வலுவும் இயக்குநருக்கு இருக்காது.

இரண்டாம் படி: வைத்திருப்பவர் வேறு, உரியவர் வேறு

புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம், நூலகங்கள், ஒளிப்படச் சேகரிப்பாளர்கள் எனப் பலரிடம் பழைய பொருட்கள் உள்ளன. இவர்களில் பெரும்பாலோர் அந்தப் பிரதியைப் பாதுகாப்பவர்களே. பதிப்புரிமை அவர்களிடம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. எனவே இரண்டு அனுமதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, நல்ல தரமான பிரதியைத் தருவதற்கு அதை வைத்திருப்பவர் அளிக்கும் அனுமதி. அதற்கு நகலெடுப்புக் கட்டணம் இருக்கும். இரண்டாவது, அந்தப் படைப்பைத் திரையில் காட்டுவதற்கு உரிமையாளர் அளிக்கும் அனுமதி. பதிப்புரிமைக் காலம் முடிந்துபோன படைப்புக்கு இரண்டாவது தேவைப்படாது. முதலாவது அப்போதும் தேவைப்படும். பிரதி வாங்கும்போது கையெழுத்திடும் தாளில் "ஒரே பயன்பாட்டுக்கு மட்டும்" போன்ற நிபந்தனை இருந்தால், அது ஒப்பந்தமாக நம்மைக் கட்டுப்படுத்தும். ஆகவே அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது.

அரசுச் செய்திப்படங்களைத் தயாரித்த ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துடன் இணைக்கப்பட்டது. பழைய ஆவணப்படங்களின் முடிவில் நன்றிக்குரிய அமைப்பாக ஃபிலிம்ஸ் டிவிஷன் பெயர் இருந்தாலும், இப்போது விண்ணப்பம் அந்தக் கழகத்துக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாம் படி: காலக் கணக்கு

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்படத்தின் உரிமை அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அரசு முதல் உரிமையாளராக உள்ள படைப்புகளுக்கும் அதே கணக்கு. நம் செய்திப்படம் 1964 டிசம்பர் கடைசி வாரத்தில் திரையரங்குகளுக்குப் போயிருந்தால் 2024 டிசம்பர் 31 அன்று அதன் உரிமை முடிகிறது. 1965 ஜனவரியில் போயிருந்தால் 2025 டிசம்பர் 31 வரை நீடிக்கிறது. கணக்குக்கு உரியது படம்பிடித்த நாள் அல்ல, வெளியிட்ட நாள். செய்திப்படத்தின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழைப் பார்த்துத் தேதியை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். ஒருபோதும் பொதுமக்களுக்குக் காட்டப்படாத, யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியில் கிடந்த 8 மில்லிமீட்டர் சுருளுக்கு இந்த 60 ஆண்டுகள் இன்னும் தொடங்கவே இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒளிப்படத்தின் கதை வேறு. 2012 வரை ஒளிப்படங்களுக்கும் வெளியான ஆண்டிலிருந்து கணக்கிடும் தனிப்பிரிவு ஒன்று சட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு வந்த திருத்தம் அப்பிரிவை நீக்கிவிட்டு, ஓவியம் போன்ற மற்றக் கலைப்படைப்புகளோடு ஒளிப்படத்தைச் சேர்த்தது. விளைவாக, ஒளிப்படக்காரர் வாழும் காலம் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து மேலும் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். திருத்தம் நடைமுறைக்கு வருமுன்பே காலம் முடிந்துவிட்ட படங்கள், அதாவது பொதுவாக 1951 இறுதிக்குள் இந்தியாவில் வெளியானவை, மீண்டும் உரிமைக்குள் வந்துவிடவில்லை என்ற புரிதலிலேயே துறையில் வேலை நடக்கிறது. 1964இல் வெளியான நாளிதழ்ப் படம் அந்த வாய்ப்பைத் தவறவிட்டது. அதை எடுத்தவர் 1990இல் இறந்திருந்தால் 2050 இறுதிவரை உரிமை இருக்கும். ஆக, உடைந்த பாலத்தின் மேல் நின்று சினிமா கேமராவால் எடுத்த காட்சி கட்டற்றதாகிவிட, பக்கத்தில் நின்று சாதாரணக் கேமராவால் எடுத்த ஒற்றைப் படம் இன்னும் ஒரு தலைமுறைக்குக் கட்டுப்பட்டதாக இருக்கிறது.

செய்திப்படத்தின் உரிமை முடிந்தாலும் அதற்குள் ஒலிக்கும் இசையின் உரிமை அதோடு முடிந்துவிடாது. திரைப்படத்துக்குள் அடங்கிய இசைப்படைப்புக்குத் தனி உரிமை உண்டு. அது இசையமைத்தவரின் ஆயுளோடு 60 ஆண்டுகள். எனவே பழைய செய்திப்படத்தின் காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பின்னணி இசையை அகற்றிவிடுவதே பாதுகாப்பான வழக்கம்.

இடையில் ஒன்று. தமிழ்நாட்டில் எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாக்கப்படுவதால், அந்த எழுத்தாளர் தொடர்பான எல்லாமே பொதுவுடைமை என்று சிலர் நினைக்கிறார்கள். அரசு பரிவுத்தொகை வழங்குவது அவருடைய எழுத்துகளுக்காக. யாரோ ஒருவர் அவரை எடுத்த படத்துக்கு அதனால் எந்த விலக்கும் கிடைக்காது.

இனி லண்டன் காட்சி. இந்தியாவுக்குள் திரையிடும்போது இந்தியச் சட்டத்தின் 60 ஆண்டுக் கணக்கே பொருந்தும். பிரிட்டனில் திரையிட்டால் அந்நாட்டுக் கணக்கு. அங்கே திரைப்பட உரிமை பொதுவாக இயக்குநர் முதலான முக்கியப் படைப்பாளிகளில் கடைசியாக இறப்பவரின் மறைவுக்குப் பிறகு 70 ஆண்டுகள் என்பதால், அந்தக் காட்சிக்கு அங்கே உரிமம் தேவைப்படலாம். அமெரிக்காவில் நிலைமை இன்னும் கடினமானது. 1996 ஜனவரி 1 அன்று தாய்நாட்டில் உரிமை நீடித்த வெளிநாட்டுப் படைப்புகளுக்கு அங்கே உரிமை மீட்டளிக்கப்பட்டது. அந்தக் கணக்குப்படி 1964இல் வெளியான நம் அரசுச் செய்திப்படம்கூட அங்கே 95 ஆண்டுகள், அதாவது 2059 இறுதிவரை, உரிமைக்கு உட்பட்டதே. ராமேஸ்வரத்து மண்டபத்தில் தடையில்லாமல் காட்டக்கூடிய அதே காட்சியை உலகெங்கும் தெரியும் இணையதளத்தில் ஏற்றுமுன் உரிமம் வாங்க வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

நான்காம் படி: உரிமையாளர் யார்

நாளிதழ்ப் படத்துக்கு அந்த நாளிதழை அணுகுவதுதான் எல்லோரும் செய்வது. அதில் தவறில்லை, ஆனால் அது பாதி வேலை மட்டுமே. சட்டத்தின் 17ஆம் பிரிவு, சம்பளத்துக்கு வேலை செய்யும் பத்திரிகை ஒளிப்படக்காரரின் படத்துக்குத் தனி ஏற்பாடு செய்திருக்கிறது. மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, அந்தப் படத்தை இதழ்களில் வெளியிடும் உரிமை மட்டுமே பத்திரிகை உரிமையாளருக்கு. மற்ற எல்லா வகைகளிலும் முதல் உரிமையாளர் படம் எடுத்தவரே. ஆவணப்படம் அந்த "மற்ற வகை"யில் வருகிறது. எனவே நாளிதழின் ஆவணப்பிரிவு உரிமம் தர முன்வந்தால், "திரைப்படத்தில் சேர்க்கும் உரிமையும் தங்களிடம் உள்ளதா, ஒளிப்படக்காரருடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அது மாற்றித் தரப்பட்டிருக்கிறதா?" என்று எழுத்தில் கேட்க வேண்டும். உண்டு என்றால் அந்த உறுதிமொழியை உரிமத்திலேயே ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்ல வேண்டும். பதில் மழுப்பலாக வந்தால், படம் எடுத்தவரின் வாரிசுகளைத் தேடிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

கல்யாணப் படத்தில் கணக்கு தலைகீழ். ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டுக்கொண்டதன் பேரில் ஸ்டூடியோக்காரர் எடுத்த படம் என்றால், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவரே. ஸ்டூடியோவின் முத்திரை அட்டையின் ஓரத்தில் பொறிக்கப்பட்டிருந்தாலும் இதுவே நிலை. ஆனால் "பணம் கொடுத்தவர்" என்பவர் படத்தில் இருக்கும் மணமகன் ஆக இருக்கலாம், அவருடைய அப்பாவாகவும் இருக்கலாம். அவர் இறந்திருந்தால் உரிமை வாரிசுகள் அனைவருக்கும் போகிறது. படத்தை நம்மிடம் எடுத்துக் கொடுக்கும் மகள் அவர்களில் ஒருவர் மட்டுமே. "அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை சொல்லி, அவர்களிடமும் கையெழுத்து வாங்கித் தருகிறீர்களா அம்மா?" என்று கேட்பதற்கு உரிய நேரம் பேட்டி எடுக்கும் அந்த நாள்தான். படம் திரையிடப்பட்ட பிறகு கேட்டால், சொத்துத் தகராறு உள்ள குடும்பத்தில் அந்தக் கையெழுத்தே பேரப்பொருளாகிவிடும்.

இன்னொரு கண்ணி: அதே வீட்டுச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் புயல் படம், எங்கோ வெளியான பத்திரிகைப் படத்தின் மறுபிரதியாக இருக்கலாம். சட்டகத்தைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். முத்திரை, கையெழுத்து, எண், ஸ்டூடியோவின் பெயர் என ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்தையும் படம் எடுத்து அட்டவணையோடு சேர்த்து வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அனுமதி வேண்டாத இடங்கள்

பத்து விநாடிக்குக் குறைவாக இருந்தால் அனுமதி வேண்டாம் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அப்படி விநாடிக் கணக்கு எதுவும் இந்தியச் சட்டத்தில் இல்லை. 52ஆம் பிரிவு குறிப்பிட்ட நோக்கங்களுக்கு மட்டும் நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது. நமக்குப் பொருந்தக்கூடியவை விமர்சனமும் மதிப்பீடும், நடப்பு நிகழ்வுகளைச் செய்தியாக்குவதும். 1964ஆம் ஆண்டுப் புயல் நடப்பு நிகழ்வு ஆகாது. விமர்சனம் என்ற வாயில் மட்டும் திறந்திருக்கிறது, அதுவும் குறுகலாக. "அன்றைய நாளிதழ்கள் இந்த அழிவை எப்படிச் சித்திரித்தன, எதை விட்டுவிட்டன?" என்று விவரணையில் சொல்லி, அந்தப் பக்கத்தையே ஆராயும் பகுதியில் நாளிதழ்ப் படம் வந்தால் விமர்சனம் என்று வாதாட இடமுண்டு. "பாலம் உடைந்தது" என்ற வரிக்கு மேல் அதே படத்தை ஓட்டினால் அது வெறும் காட்சிப் பயன்பாடு. உரிமையாளர் விலைக்கு விற்கும் பயன்பாடும் அதுவே. அற்பமான எடுத்தாளலைப் புறக்கணிக்கலாம் என்ற கோட்பாட்டை 2012இல் யாஷ்ராஜ் ஃபிலிம்ஸ் தொடர்பான வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்றது உண்மைதான். ஆனால் அங்கே எடை போடப்பட்டவை ஏற்பட்ட பாதிப்பு, எடுத்தாண்டவரின் நோக்கம் போன்றவை, கடிகாரம் அல்ல. அதை நம்பிப் படத்தைத் திட்டமிடுவதைவிட, வழக்கு வந்தால் சொல்லும் பதிலாக வைத்துக்கொள்வதே சரி.

நாம் இப்போது எடுக்கும் காட்சியில் பொது இடத்தில் நிரந்தரமாக உள்ள சிலை வருவதும், பின்னணியில் தற்செயலாக ஓர் ஓவியமோ சுவரொட்டியோ தெரிவதும் சிக்கல் இல்லை. சட்டமே விலக்கு அளிக்கிறது. கேமரா அந்தச் சுவரொட்டியை நோக்கி நெருங்கிப் போனால் அது தற்செயல் அல்ல.

ஆறாம் படி: உரியவர் கிடைக்காவிட்டால்

யார் எடுத்தார் என்று தெரியாத இடிபாட்டுப் படத்துக்கு 31ஏ பிரிவு ஒரு வழி வைத்திருக்கிறது. படைப்பாளி இறந்துவிட்டார், அல்லது தெரியவில்லை, அல்லது கண்டுபிடிக்க முடியவில்லை என்னும்போது, இந்தியாவில் மக்களுக்குக் கிடைக்காமல் இருக்கும் படைப்பை வெளியிடக் கட்டாய உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்குமுன், நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். கட்டணத்தையும் நிபந்தனைகளையும் விண்ணப்பத்தை விசாரிக்கும் அமைப்பு முடிவு செய்யும். விளம்பரச் செலவும் காலமும் சேர்ந்தால், ஒரே ஒரு படத்துக்காக இந்த வழியில் இறங்குவது சிறிய படக்குழுவுக்குக் கட்டுப்படியாகாது. நடைமுறையில் பலர் தேடியதற்கான சான்றுகளைத் திரட்டி வைத்துக்கொண்டு, "உரிமையாளர் தெரியவந்தால் தொடர்புகொள்ளவும்" என்று படத்தின் முடிவில் எழுதிவிடுகிறார்கள். இந்த வரி சட்டப்படி எந்தப் பாதுகாப்பும் தராது. நல்லெண்ணத்தைக் காட்டுவதற்கு மட்டுமே உதவும். என் கருத்தில், அந்தப் படம் இல்லாமல் காட்சி நிற்குமானால் அதை விட்டுவிடுவதே மேல்.

ஏழாம் படி: தாளில் என்ன இருக்க வேண்டும்

வாய்மொழி அனுமதியை நம்பக் கூடாது. உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் தேவை. எழுதாமல் விட்டதைச் சட்டம் தானே நிரப்பிக்கொள்ளும் என்பதுதான் இதில் பலருக்குத் தெரியாத ஆபத்து. காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். "எங்கள் படத்தில் பயன்படுத்திக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் வாங்கிய கடிதத்தை வைத்துக்கொண்டு சிங்கப்பூர் விழாவில் திரையிட முடியாது. மேலும், பெற்ற உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறுவகையாக எழுதப்படாத நிலையில், அது காலாவதியாகலாம். ஆவணப்படங்கள் மூன்று, நான்கு ஆண்டுகள் தொகுப்பு மேசையிலேயே இருப்பது சாதாரணம். ஆகவே "இந்த உரிமையைப் பயன்படுத்தாமல் இருந்தாலும் காலாவதியாகாது" என்ற வாக்கியத்தைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

நம் படத்துக்கு எழுதத்தக்க வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: "மேற்கண்ட ஒளிப்படத்தை, மேற்கண்ட தலைப்பிலுள்ள ஆவணப்படத்திலும் அதன் முன்னோட்டத்திலும் சேர்க்கவும், அப்படத்தின் பகுதியாகத் திரைப்பட விழா, திரையரங்கு, கட்டணம் உள்ளதும் இல்லாததுமான பொதுத் திரையிடல், கல்வி நிறுவனம், தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றில் உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் வெளியிடவும், பிரத்தியேகமற்ற உரிமம் வழங்குகிறேன். இந்த உரிமையை வழங்கும் அதிகாரம் எனக்கு உண்டு என உறுதி கூறுகிறேன்." சுவரொட்டியில் தனியே அச்சிட விரும்பினால் அதைத் தனியாக எழுத வேண்டும், படத்துக்குள் காட்டும் உரிமை சுவரொட்டிக்கு நீளாது.

பெரிய காப்பகங்கள் உலகளாவிய, நிரந்தர உரிமத்துக்குக் கேட்கும் தொகை அதிகம். ஆகையால் விழாக்களுக்கு மட்டும், குறைந்த ஆண்டுகளுக்கு என்று வாங்கத் தோன்றும். அப்படி வாங்குவதானால், பிற்பாடு மற்ற ஊடகங்களுக்கு விரிவாக்கிக்கொள்ள ஆகும் விலையை இன்றே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அமெரிக்கக் குடிமை உரிமைப் போராட்டத்தைச் சொன்ன "ஐஸ் ஆன் தி ப்ரைஸ்" என்ற புகழ்பெற்ற தொடர், காட்சிகளுக்கும் படங்களுக்கும் வாங்கிய உரிமங்கள் காலாவதியானதால் பல ஆண்டுகள் ஒளிபரப்ப முடியாமல் கிடந்தது. பெரும் நிதி திரட்டி மறுபடி உரிமங்கள் வாங்கிய பிறகே 2006இல் மீண்டும் ஒளிபரப்பானது.

எட்டாம் படி: படத்தில் உள்ளவர்கள்

பதிப்புரிமை எடுத்தவரைப் பற்றியது. எடுக்கப்பட்டவரின் அந்தரங்கம் தனிக் கேள்வி. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ராஜகோபால் வழக்கில் 1994இல் உச்ச நீதிமன்றம், பொது ஆவணங்களில் ஏற்கெனவே பதிவான செய்திகளை வெளியிட ஒப்புதல் தேவையில்லை என்றது. பாலியல் வன்முறை, கடத்தல் போன்றவற்றுக்கு ஆளான பெண்களை அடையாளம் காட்டுவதற்கு மட்டும் அந்த விலக்கு இல்லை என்றும் சொன்னது. புயல் முகாமில் எடுத்த செய்திப்படத்தில் தெரியும் கூட்டத்துக்குத் தனித்தனி ஒப்புதல் வாங்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவரின் முகத்தை நிறுத்திக் காட்டி, அவர் செய்யாத ஒன்றை விவரணையில் ஏற்றிச் சொன்னால் அவதூறு வழக்குக்கு இடம் கொடுத்ததாகும். உயிரற்ற உடல்கள் வரும் காட்சிகளில் சட்டத்துக்கு அப்பால் குடும்பத்தாரைக் கேட்டுவிடுவது முறை.

ஒன்பதாம் படி: திரையிடலுக்கு முன்

டிக்கெட் இல்லாத திரையிடலும் பொதுத் திரையிடலே. இந்தியாவில் அதற்குத் திரைப்படச் சான்றிதழ் வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். திரைப்பட விழாக்கள் ஒன்றிய அரசிடம் விலக்குப் பெற்றுச் சான்றிதழ் இல்லாத படங்களைத் திரையிடுவதுண்டு. சான்றிதழ் கிடைத்துவிட்டது என்பதால் காப்பகக் காட்சிகளின் உரிமைச் சிக்கல் தீர்ந்துவிட்டதாகப் பொருள் இல்லை. இரண்டும் வெவ்வேறு சட்டங்கள். இந்த இரண்டுக்கும் ஒரு வரிசைமுறை மட்டும் உண்டு. சான்றிதழ் பெற்ற பிறகு உரிமை கிடைக்காத காட்சி ஒன்றை வெட்டினாலோ மாற்றினாலோ, அந்த மாற்றத்தை வாரியத்துக்குத் தெரிவித்து, சான்றிதழில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருக்கும். எனவே அட்டவணையின் கடைசிக் கட்டம் நிரம்பிய பிறகே படத்தை வாரியத்துக்கு அனுப்புவது நல்லது. ஒவ்வொரு உரிமத்தின் நகலும், பணம் செலுத்திய ரசீதும், திரையில் நன்றி தெரிவிக்க ஒப்புக்கொண்ட வாசகமும் ஒரே கோப்பில் இருந்தால், ஒளிபரப்பு நிறுவனமோ இணையதளமோ கேட்கும்போது அன்றே அனுப்பிவிட முடியும்.